படமாக வந்த டிஸ்சார்ஜ் சம்மரி

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது நோயாளியை அடுத்ததாகப் பார்க்கப்போகும் மருத்துவருக்காக எழுதப்படுவது. சுருக்கெழுத்துகள் அதில் நிறைந்திருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது நோயாளியின் மனைவியோ மகளோதான். சொந்தத்தில் ஒரு நர்ஸோ மருந்தாளுநரோ இருந்தால், தாளைப் போனில் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். கேள்வி எதுவும் கூட வராது. என்ன கேட்பது என்றே தெரியாததால்தான் படம் மட்டும் வருகிறது. அப்படி அனுப்புகிறவருக்கு வரிக்கு வரி விளக்கம் தேவையில்லை. உடம்புக்கு என்ன வந்தது, அதற்கு என்ன செய்தார்கள், வீட்டில் மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்பது தெரிந்தால் போதும்.

விளக்கத் தொடங்கும் முன் படத்தையே ஒருமுறை சோதிக்க வேண்டும். தாளின் ஓரத்தில் Page 1 of 3 என்று இருந்து ஒரு படம் மட்டுமே வந்திருந்தால், மருந்துப் பட்டியலின் பாதி அடுத்த பக்கத்தில் இருக்கக்கூடும். மடிப்பிலோ வெளிச்சத்திலோ ஒரு புள்ளி மறைந்தால் 2.5 மி.கி. என்பது 25 ஆகத் தெரியும். மங்கலான எண்ணை ஊகித்துச் சொல்வதைவிட, மாத்திரை அட்டையையும் படம் பிடித்து அனுப்பச் சொல்வது பாதுகாப்பானது.

மாரடைப்பு வந்து வீடு திரும்பும் 58 வயது ஆண் ஒருவரின் சம்மரியை எடுத்துக்கொள்வோம். நோய் விவரத்தில் இப்படி இருக்கிறது: K/C/O T2DM, SHT. CAD – ACS – AWMI. S/P PTCA with DES to LAD. LVEF 45%.

K/C/O என்றால் ஏற்கெனவே தெரிந்த நோய் என்று பொருள். T2DM இரண்டாம் வகை சர்க்கரை நோய். SHT ரத்தக் கொதிப்பு. இரண்டும் பழையவை, இப்போது புதிதாக வந்தவை அல்ல. CAD, ACS, AWMI ஆகிய மூன்றும் மூன்று நோய்கள் போலத் தோன்றினாலும் ஒரே நிகழ்வைத்தான் படிப்படியாகச் சொல்கின்றன: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்திருந்தது, அது திடீரென்று அடைத்துக்கொண்டது, அதனால் இதயத்தின் முன்சுவர்த் தசை பாதிக்கப்பட்டது. LAD என்பது அந்த முன்பக்கத்துக்குப் போகும் முக்கியமான குழாய். PTCA பலூன் கொண்டு குழாயை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி. DES மருந்து பூசிய ஸ்டென்ட். உறவினருக்கு இதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: "மாமாவுக்கு இதயத்தின் முன்பக்கம் போகும் ரத்தக்குழாய் அடைத்து மாரடைப்பு வந்திருக்கிறது. பலூன் வைத்து விரித்து, திரும்ப அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் பொருத்தியிருக்கிறார்கள்."

அதிகம் பயமுறுத்துவது கடைசி எண். LVEF 45% என்பதைப் பார்த்ததும், இதயம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோரும் கலங்கிவிடுவார்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதற்கான அளவு அது. நல்ல இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. ஏறக்குறைய 55 முதல் 70 வரை இருந்தாலே இயல்பு. ஆகவே 45 என்பது ஓரளவு குறைவு. மாரடைப்புக்குப் பின் சில வாரங்களில் இது தேறவும் கூடும் என்பதால், பிறகு மறுபடியும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள்.

பரிசோதனைப் பகுதியில் S1S2 +, P/A soft, NFND என்று வரும். இதயத்தின் இரு ஒலிகளும் கேட்கின்றன, வயிறு மென்மையாக இருக்கிறது, நரம்புக் கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதே இவற்றின் பொருள். அத்தனையும் நல்ல செய்தி.

இனி மருந்துகள். 1-0-1 என்ற எண்கள் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் வரும். சில இடங்களில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும்: OD தினம் ஒரு வேளை, BD இரு வேளை, HS படுக்கும்போது, SOS தேவைப்பட்டால் மட்டும், BBF காலை உணவுக்கு முன். கண் மருத்துவமனைச் சீட்டில் அதே OD வலது கண்ணைக் குறிக்கும்; எந்தத் துறையின் சீட்டு என்று பார்க்காமல் பொருள் சொல்லக் கூடாது.

இவருடைய பட்டியலில் ஆஸ்பிரின் 75 மி.கி. 0-1-0, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 0-1-0, அடோர்வாஸ்டாடின் 40 மி.கி. 0-0-1, மெட்டோபிரோலால் 25 மி.கி. 1-0-1, பான்டோபிரசோல் 40 மி.கி. 1-0-0 BBF ஆகியவை இருக்கின்றன. முதல் இரண்டும் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பவை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம் என்பதால், அமிலத்தைக் குறைக்கப் பான்டோபிரசோல். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால்தான் அது சரியாக வேலை செய்யும். மெட்டோபிரோலால் துடிப்பின் வேகத்தைக் குறைத்து இதயத்தின் சுமையை இறக்குகிறது. அடோர்வாஸ்டாடினைப் பார்த்து, "கொலஸ்ட்ரால் நார்மல் என்றுதானே சொன்னார்கள்" என்று வீட்டில் நிறுத்திவிடுவது உண்டு. குழாயில் படிந்த கொழுப்பு மறுபடி வெடித்து அடைக்காமல் இருக்கத் தரப்படும் மருந்து அது; ரிப்போர்ட்டில் அளவு இயல்பாக இருந்தாலும் வேண்டும்.

ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே x 15 days என்று இருப்பதுதான் இந்தத் தாளிலேயே ஆபத்தான இடம். மறுபரிசோதனைக்கு வரும்வரை தேவையான மாத்திரையைக் கணக்கிட்டு எழுதியது அது. காய்ச்சல் மருந்தைப் போல 15 நாளோடு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உடம்பும் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இரண்டு உறைவுத் தடுப்பு மாத்திரைகளும் வழக்கமாக ஓராண்டு வரை தரப்படுகின்றன; ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு இதய மருத்துவர் அந்தக் காலத்தைக் குறைப்பதுண்டு. பல் பிடுங்கப் போனால்கூட, அவரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தக் கூடாது. கேள்வி கேட்காத உறவினரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டியது இது.

பட்டியலில் இல்லாததையும் பார்க்க வேண்டும். இவர் முன்பு சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கொதிப்புக்கு அம்லோடிபினும் சாப்பிட்டு வந்தவர். புதிய தாளில் இரண்டும் இல்லை. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தி, கிரியாட்டினின் பார்த்துவிட்டு மறுபடி தருவது வழக்கம். அப்படி நிறுத்தியதை எழுத விட்டார்களா, வேறு மருந்துக்கு மாற்றினார்களா, மறந்தே போனார்களா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வார்டுக்குப் போன் செய்துதான் கேட்க வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். வீட்டு டப்பாவில் பழைய கூட்டு மாத்திரை ஒன்று இருக்கும். ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டாடினும் ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்தது. கடைப்பெயர் வேறாக இருப்பதால் அதுவும் தொடரும், புதியதும் சேரும், மருந்து இரட்டிப்பாகும். பழைய அட்டைகளைப் புரட்டி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டால் இது உடனே பிடிபடும்.

கடைசி வரி ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி. S/L SOS. தினமும் சாப்பிடுவதற்கானது அல்ல. நெஞ்சு வலித்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால், நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழுந்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.