மைதானத்தில் எத்தனை நெருஞ்சி?

பள்ளி மைதானத்தின் பின்பக்கம், 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்துக்குப் புல்லும் பூண்டுமாகக் கிடக்கும் ஓர் இடம். அதில் எத்தனை நெருஞ்சிச் செடிகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தைச் சில இடங்களில் மட்டும் வைத்து, உள்ளே இருப்பதை எண்ணி, மொத்தத்தைக் கணக்கிடுவார்கள். சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல பள்ளிகளில் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசச் சொல்கிறார்கள். எறிபவர் எங்கே நிற்கிறாரோ அதைச் சுற்றித்தான் அது விழும். முள் குத்தும் பக்கம் யாரும் போய் நிற்பதில்லை; நெருஞ்சியை எண்ண வந்தவர்கள் நெருஞ்சி இல்லாத பாதையோரத்திலேயே நின்று எறிவார்கள். மனதுக்குத் தோன்றும் எண்ணைச் சொல்வதும் உதவாது. ஒரே எண்ணை அடுத்தடுத்துச் சொல்ல நமக்கு மனம் வராது, குலுக்கலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

எனவே வேலை வகுப்பறையிலேயே தொடங்க வேண்டும். 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். திரும்பப் போடாவிட்டால் மீதி இலக்கங்களின் வாய்ப்பு மாறிவிடும். இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 00 முதல் 99 வரை நூறு எண்கள்.

நீளத்துக்கு நமக்குத் தேவை 0 முதல் 29 வரை. 29-க்கு மேல் வந்தால் 30, 30 ஆகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 90 முதல் 99 வரை வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அவற்றையும் கழித்துச் சேர்த்தால் 0 முதல் 9 வரையுள்ள இடங்களுக்கு நான்கு வாய்ப்பும் மற்றவற்றுக்கு மூன்று வாய்ப்பும் கிடைத்து, மைதானத்தின் ஒரு பக்கம் அதிகமாக அகப்படும். அகலம் 20 என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை, நூறு சரியாக வகுபடுகிறது. சீட்டில் 47, 08, 93, 26, 71 என்று வந்தால்: 47-இல் 30 போக 17, அதனுடன் 8. முதல் இடம் (17, 8). 93 கழிவு. அடுத்தது 26, அதற்கு 71-இல் 60 போக 11. இரண்டாவது இடம் (26, 11). வந்த ஜோடியே மறுபடி வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

மைதானத்தில் ஒரு மூலையிலிருந்து இரு பக்கமும் டேப் விரிக்க வேண்டும். கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதுபோல் 3, 4, 5 மீட்டரில் முக்கோணம் போட்டால் மூலை செங்கோணம்தானா என்று தெரிந்துவிடும். நீளவாக்கில் 17, அங்கிருந்து அகலவாக்கில் 8 மீட்டர் போய், அந்தப் புள்ளியில் சட்டத்தின் இடது கீழ் மூலை படும்படி வைக்க வேண்டும். நம் ஊர் வயல்களில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையும் இதே வழிதான்: தென்மேற்கு மூலையிலிருந்து குலுக்கல் எண்களின்படி நடந்து, நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டை அளந்து அறுப்பார்கள்.

நெருஞ்சி படர்ந்து கிடக்கும். கொடி உள்ளே வந்தாலும் வேர் சட்டத்துக்குள் இருந்தால் மட்டுமே எண்ண வேண்டும். வேர் சட்டத்தின் கோட்டிலேயே இருந்தால், இடது பக்கமும் கீழ்ப் பக்கமும் சேர்த்தி, மற்ற இரண்டும் இல்லை என்று முன்னமே முடிவு செய்துகொள்ளலாம்.

சட்டம் வெறும் மண்ணில் விழும்போதுதான் கை துறுதுறுக்கும்: "இங்கே ஒண்ணுமே இல்ல, கொஞ்சம் தள்ளி வைப்போமா சார்?" கூடவே கூடாது. பத்து இடங்களில் 0, 3, 0, 0, 7, 1, 0, 12, 0, 2 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 25, சராசரி 2.5. மைதானத்தில் 600 சதுரங்கள் என்பதால் மதிப்பீடு 1,500 செடிகள். பூஜ்யங்களை ஒதுக்கிவிட்டால் சராசரி 5 ஆகி, மதிப்பீடு 3,000 ஆகிவிடும். மைதானத்தில் பாதி வெறுமை என்ற உண்மையே காணாமல் போகும்.

அந்த 1,500-ஐயும் அப்படியே நம்ப முடியாது. ஒவ்வொரு இடம் முடிந்ததும் அதுவரையிலான சராசரியைப் போட்டுப் பாருங்கள். ஏழாவது இடத்தில் 1.57. எட்டாவதில் 12 செடிகள் கிடைத்ததும் 2.88-க்குத் தாவுகிறது. நெருஞ்சி திட்டுத் திட்டாக வளர்வதால் ஒரே ஒரு சதுரம் கணக்கை இப்படிப் புரட்டுகிறது. சராசரி ஆடாமல் நிற்கும்வரை இடங்களைக் கூட்ட வேண்டும். அதற்காகவே பத்துக்குப் பதில் முப்பது ஜோடிகளை வகுப்பறையிலேயே எடுத்து, வந்த வரிசை மாறாமல் எழுதி வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவது நல்லது.