30,000 ரூபாய் அனுமதி இருந்தும் பெட்டி காலி

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கள அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் சென்னையில். வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் சென்னையிலிருந்தே வங்கி வழியாகப் போய்விடும். மலையில் கையோடு கொடுத்துத் தீர்க்க வேண்டியவை வேறு: பைக்குக்குப் பெட்ரோல், கிராமக் கூட்டத்துக்கு டீ, பிஸ்கட், ஜெராக்ஸ், தண்ணீர் கேன், பஞ்சர், சாமான் இறக்கிய ஆளுக்குக் கூலி. வேலை நாள் ஒன்றுக்குச் சராசரியாக 1,000 ரூபாய் ஆகிறது. மாதம் 26 வேலை நாள் என்றால் 26,000. தலைமை அலுவலகம் மாதம் 30,000 வரை அனுமதித்திருக்கிறது. தட்டுப்பாட்டுக்கு வழியே இல்லை என்றுதான் தோன்றும். ஆனாலும் மாத நடுவில் பெட்டி காலியாகி, அலுவலகப் பொறுப்பாளர் தன் சொந்தப் பர்ஸைத் திறக்கிறார். இது ஏன் நடக்கிறது?

மாத வரம்பும் பெட்டியில் இருக்கும் பணமும் வேறு வேறு. இம்ப்ரெஸ்ட் என்பது ஒரு நிலையான தொகையைப் பொறுப்பாளரின் பெயரில் ஒருமுறை கொடுத்துவிடுவது. நம் அலுவலகத்துக்கு அது 15,000. அதிலிருந்து செலவு செய்து, வவுச்சர்களைச் சென்னைக்கு அனுப்பினால், வவுச்சரில் உள்ள தொகை மட்டும் திரும்பி வந்து பெட்டி மறுபடி 15,000 ஆகும். அரசு அலுவலகங்களில் இதையே நிரந்தர முன்பணம் என்கிறார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகளிலும் அன்றாடச் சில்லறைச் செலவுக்கு இந்த ஏற்பாடு உண்டு. மாத வரம்போ, இப்படித் திரும்பி வரும் பணம் ஒரு மாதத்தில் மொத்தம் எவ்வளவு வரை போகலாம் என்பதற்கான எல்லை. வரம்பு தாராளமாக இருந்து இம்ப்ரெஸ்ட் தொகை குறைவாக இருந்தால் பெட்டி காலியாகத்தான் செய்யும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வேலை நாளுக்கு ஒருமுறை கிளெய்ம் அனுப்பலாம் என்பது விதி. சென்னையில் கணக்காளர் சரிபார்த்து, மேலாளர் கையெழுத்திட்டு, பணம் வந்து சேர 7 வேலை நாள் ஆகிறது. பன்னிரண்டாம் நாள் 12,000 ரூபாய்க்கு வவுச்சர் போகிறது. பெட்டியில் மிச்சம் 3,000. பதினைந்தாம் நாள் மாலை அதுவும் தீர்ந்துவிடும். பணம் வருவதோ பத்தொன்பதாம் நாள். நடுவில் நான்கு நாள், 4,000 ரூபாய், யாரோ ஒருவருடைய சொந்தக் காசு.

ஆக, இம்ப்ரெஸ்ட் தொகையை முடிவு செய்யும்போது கேட்க வேண்டியது, இரண்டு கிளெய்ம்களுக்கு இடையே எத்தனை நாள், அனுப்பிய கிளெய்முக்குப் பணம் வர எத்தனை நாள் என்பதுதான். இரண்டையும் கூட்டி, நாள் செலவால் பெருக்கி, எதிர்பாராததற்குக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். 12 நாளும் 7 நாளும் சேர்ந்தால் 19,000. கைகாவலுக்கு 2,000 சேர்த்தால் 21,000. அதே அலுவலகம் 6 வேலை நாளுக்கு ஒருமுறை, அதாவது வாரா வாரம் கிளெய்ம் அனுப்பினால் 13,000, கைகாவலோடு 15,000. இருக்கிற தொகையே போதும்! மாதம் ஒரே ஒரு கிளெய்ம்தான் என்று பிடிவாதம் பிடித்தால் 35,000 ரூபாயை மலையில் ரொக்கமாக வைத்திருக்க வேண்டும். இதை எந்த ஆடிட்டரும் ரசிக்க மாட்டார். தலைமை அலுவலகத்துக்கு வாராந்திரக் கிளெய்ம் தொல்லையாகத் தெரியும். என்னைக் கேட்டால் அந்தத் தொல்லை மலிவு.

இனி மாத வரம்பின் சிக்கல். ஒரு மாதம் பயிற்சி முகாம் வருகிறது, செலவு 32,000. வரம்பு 30,000 என்பதால் 2,000 ரூபாய் வவுச்சர் திரும்பி வந்துவிடும். "அடுத்த மாசம் போட்டுக்கலாம் சார்" என்பார்கள். அந்தக் காகிதம் பெட்டியிலேயே கிடக்கும். கணக்கில் இம்ப்ரெஸ்ட் இன்னமும் 15,000, நடைமுறையில் 13,000. அடுத்த மாதமும் நெருக்கடியாக இருந்தால் இந்த 2,000 நகராது, இன்னொரு 2,000 வந்து சேரும். இப்படி மூன்று மாதம் போனால் 9,000 ரூபாயை வைத்துக்கொண்டுதான் அலுவலகம் ஓடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: பெட்டியில் இருக்கும் வவுச்சர்களில் மிகப் பழையதன் தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழையது இருந்தால் வரம்பு எங்கோ இடிக்கிறது. முகாம் போன்ற செலவுக்குத் தனி முன்பணம் வாங்கி, முகாம் முடிந்த கையோடு தனியாகக் கணக்கை முடித்துவிட வேண்டும். அதை இம்ப்ரெஸ்டில் கலப்பதில்தான் பாதி வம்பு.

இன்னொரு வம்பு, பில்லை உடைப்பது. ஒரு வவுச்சருக்கு 2,000 ரூபாய்தான் என்று நிறுவனம் விதி வைத்திருக்கும். சாப்பாட்டு பில் 3,800. ஓட்டல்காரர் இரண்டு பில் போட்டுத் தருவார், அடுத்தடுத்த எண்ணில், தேதி மட்டும் ஒரு நாள் தள்ளி. ஆடிட்டர் முதலில் தேடுவதே இதைத்தான். அவசியமான செலவுக்கு வரம்பை இறுக்கினால் நேர்மையான ஆள்கூடப் பொய் பில் எழுதப் பழகிவிடுவார். பெரிய தொகையானால் சட்டமும் குறுக்கே வரும். ஒரே நபருக்கு ஒரே நாளில் மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அதை வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்க மாட்டார்கள். அந்த வரம்பு அந்த நாளின் கூட்டுத்தொகைக்கு என்பதால் பில்லை உடைத்தும் பயனில்லை. ரொக்கம் பெற்றவர் தரும் ரசீது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இப்போது கூலிக்காரர்கூட ஜிபே எண் தருகிறார். ஊழியர் தன் போனிலிருந்து அனுப்பிவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பெட்டியிலிருந்து பணம் எடுத்துக்கொள்கிறார். பணம் போனதற்கு அது சாட்சிதான். எதற்குப் போனது என்பதற்கு இல்லை. பில்லும் வேண்டும், பில் தராத இடமென்றால் என்ன வேலை, யார், எந்த ஊர் என்று எழுதி வாங்கிய கையெழுத்தாவது வேண்டும்.

பெட்டியைச் சோதிக்க ஒரே ஒரு கூட்டல் போதும். கையிலுள்ள ரொக்கம், அனுப்பாத வவுச்சர், அனுப்பிப் பணம் வராத கிளெய்ம், ஊழியர் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்து எடுத்த தொகை, இந்த நான்கும் சேர்ந்து எந்த நாளும் 15,000 வர வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் எண்ணுகிறோம்: ரொக்கம் 3,240, வவுச்சர் 4,610, வழியில் இருக்கும் கிளெய்ம் 6,000, துண்டுச்சீட்டு 1,000. கூட்டினால் 14,850. குறைவது 150. பெரும்பாலும் வவுச்சர் எழுத மறந்த டீயோ ஆட்டோவோ இருக்கும். தொகை கூடுதலாக இருந்தால்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சொந்தக் காசு கலந்திருக்கிறது, அல்லது கொடுக்காத பணத்துக்கு வவுச்சர் எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

மார்ச் 31 நெருங்கும்போது மட்டும் 6 நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றுவரையான வவுச்சர்கள் எல்லாம் அந்த ஆண்டின் கணக்கில் ஏற வேண்டும். பணம் ஏப்ரலில் வந்தாலும் பரவாயில்லை. பொறுப்பாளர் மாறும்போதும் இதே வேலைதான். இருவரும் சேர்ந்து எண்ணி, நான்கு இனங்களையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பழையவர் எழுதிய துண்டுச்சீட்டு ஏதாவது பாக்கி இருந்தால், அவர் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அதை வசூலித்துவிட வேண்டும்.