வெளிநாட்டுக் கேமரா உண்மையில் மலிவா?

வெளிநாட்டு இணையக் கடையில் ஒரு கேமரா 520 வெள்ளி, அனுப்பும் கட்டணம் 30 வெள்ளி. அதே கேமரா சிங்கப்பூர்க் கடையில் வரியோடு 620 வெள்ளி. 70 வெள்ளி மிச்சம்னு உடனே வாங்கிடாதீங்க.

விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொட்டலத்தின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால், அது இங்கே வந்து சேரும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. 550 வெள்ளிக்கு வரி 49 வெள்ளி 50 காசு. மிச்சம் 20 வெள்ளி 50 காசுதான். விநியோக நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் கேட்டால் அதுவும் குறையும்.

400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளா? 2023 முதல், இங்கே வரிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் பணம் செலுத்தும்போதே வரியை வாங்கிவிடுகிறார்கள். அந்த ரசீதைப் பத்திரமா வைங்க. பல பொருள்கள் ஒரே பொட்டலத்தில் வந்து மொத்த மதிப்பு 400ஐத் தாண்டினால், வரி கட்டியாச்சுன்னு காட்ட அதுதான் ஆதாரம்.

அடுத்து உத்தரவாதம். விற்பனையாளரிடம் முழு மாடல் எண்ணை வாங்கி, அந்த பிராண்டின் சிங்கப்பூர்ச் சேவை நிலையத்திடம் கேளுங்க: "இதை வெளிநாட்டில் வாங்கினால் இங்கே இலவசமாகப் பழுதுபார்ப்பீர்களா?" பதிலை மின்னஞ்சலில் வாங்குவது நல்லது. விற்பனையாளரின் உத்தரவாதம் மட்டும்தான் என்றால், பழுதான கேமராவை நீங்களே திருப்பி அனுப்பவேண்டி வரலாம். அதற்கும் 30 வெள்ளி ஆனால், மிச்சம்பிடித்த 20 வெள்ளி போயே போச்சு!