ஒரு கோடிக்குள் எந்தத் திட்டங்கள்?

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். புது இயந்திரங்களுக்கு இந்த ஆண்டு ஒரு கோடி ரூபாய்தான், அதற்கு மேல் கிடையாது என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. மேலாளரின் மேசையில் ஐந்து திட்டங்கள் இருக்கின்றன. ஐந்துமே லாபம் தருபவை. எல்லாவற்றையும் செய்ய 2 கோடியே 90 லட்சம் வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது? இதைத்தான் நிதித்துறையில் மூலதனப் பங்கீடு என்கிறார்கள்.

முதலில் ஒவ்வொரு திட்டத்தின் வருமானத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். புது ஏர் கம்ப்ரஸரின் விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும். ஐந்து ஆண்டு உழைக்கும். ஆலை தன் பணத்துக்கு எதிர்பார்க்கும் வருவாய் 12 சதவீதம். அந்தக் கணக்கில், முதலாண்டு முடிவில் வரும் 10 லட்சத்தின் இன்றைய மதிப்பு 8.93 லட்சம், ஐந்தாம் ஆண்டில் வருவதற்கு 5.67 லட்சம்தான். ஐந்தையும் கூட்டினால் ஏறக்குறைய 36 லட்சம். போட்ட 30 லட்சத்தைக் கழித்தால் 6 லட்சம் மிச்சம். இதுவே நிகர மதிப்பு. 36-ஐ 30-ஆல் வகுத்தால் 1.20. இது லாபத்திறன் குறியீடு: போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்றைய மதிப்பில் 1.20 ரூபாய் திரும்பி வருகிறது.

மற்ற நான்கையும் இதேபோல் கணக்கிட்டதாகக் கொண்டால் பட்டியல் இப்படி இருக்கும் (தொகை லட்சத்தில்):

| திட்டம் | செலவு | நிகர மதிப்பு | குறியீடு |
|---|---|---|---|
| கூரையில் சோலார் | 60 | 21 | 1.35 |
| ஈரப்பதக் கட்டுப்பாட்டு அமைப்பு | 50 | 16 | 1.32 |
| ஆட்டோகோனர் | 50 | 14 | 1.28 |
| ரிங் ஃபிரேம் | 100 | 25 | 1.25 |
| ஏர் கம்ப்ரஸர் | 30 | 6 | 1.20 |

நிகர மதிப்பை மட்டும் பார்ப்பவர் ரிங் ஃபிரேமை எடுப்பார். 25 லட்சம் என்பதுதான் பட்டியலிலேயே பெரிய தொகை. ஆனால் அது ஒன்றே மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடுகிறது. பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதே முக்கியம். அதைச் சொல்வது குறியீடுதான்.

குறியீட்டு வரிசையில் இறங்கினால் முதலில் சோலார். மீதி 40 லட்சம். அடுத்த இரண்டுக்கும் தலா 50 லட்சம் வேண்டும். ரிங் ஃபிரேமுக்கோ ஒரு கோடி. எதுவும் அடங்காது. கடைசியாக இருக்கும் கம்ப்ரஸர்தான் அடங்குகிறது. மொத்த நிகர மதிப்பு 27 லட்சம். 10 லட்சம் சும்மா கிடக்கிறது.

இங்கேதான் பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள். ஈரப்பத அமைப்பையும் ஆட்டோகோனரையும் சேர்த்துப் பாருங்கள்: செலவு சரியாக ஒரு கோடி, நிகர மதிப்பு 30 லட்சம். குறியீட்டில் முதலிடம் பிடித்த சோலாரை விட்டுவிட்டு எடுத்த ஜோடி இது. ஒரு கோடிக்குள் அடங்கும் சேர்க்கைகளில் இதை மிஞ்சுவது வேறில்லை.

வரிசை நம்மை ஏமாற்றுகிறதா என்று முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. திட்டங்களைத் துண்டு போடலாம் என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். சோலார் முழுதும், மீதி 40 லட்சத்துக்கு ஈரப்பத அமைப்பில் ஐந்தில் நான்கு பங்கும் எடுத்தால் நிகர மதிப்பு 33.8 லட்சம். இதுதான் உச்சவரம்பு, எந்தச் சேர்க்கையும் இதைத் தாண்ட முடியாது. நம் கையில் இருப்பது 27. இடைவெளி பெரிது என்றால் வேறு சேர்க்கைகளைத் தேட வேண்டும். இடைவெளி சிறிதானால் வரிசையையே நம்பலாம். ஐந்தாறு திட்டங்களுக்குத் தாளும் பேனாவும் போதும்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்த ஆண்டோடு அடுத்த ஆண்டின் பணத்துக்கும் வரம்பு இருந்து, ஒரு திட்டம் இரண்டு ஆண்டிலும் செலவு கேட்டால், ஒற்றைக் குறியீட்டு வரிசை போதாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லோரியும் லியோனார்ட் சாவேஜும் 1955-இல் ஆராய்ந்த சிக்கல்களில் இதுவும் ஒன்று. 1963-இல் மார்ட்டின் வைன்கார்ட்னர் இதைக் கணித நிரலாக்கத்தால் தீர்க்கும் வழியை விரிவாக எழுதினார்.

முடிவெடுக்கும் முன் ஒரு கேள்வி பாக்கி: அந்த ஒரு கோடி உண்மையிலேயே அசையாத வரம்பா? இன்னும் 10 லட்சம் கிடைத்தால் சோலாரும் ஈரப்பத அமைப்பும் சேர்ந்து அடங்கும். நிகர மதிப்பு 30-இலிருந்து 37 லட்சமாக உயரும். அந்தப் 10 லட்சத்தை 12 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்து வாங்க வேண்டியிருந்தாலும், அந்தக் கூடுதல் வட்டியின் இன்றைய மதிப்பு 7 லட்சத்துக்குள் நின்றால் ஆலைக்கு லாபம்தான். மேலாளர் நிர்வாகத்திடம் பட்டியலோடு இந்தக் கணக்கையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.