கேன்சல் தாளில் கையெழுத்து: அதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் தொழிலாளியிடம் கம்பெனி ஒரு தாளை நீட்டும். வேலை அனுமதியை ரத்து செய்ய, மனிதவள அமைச்சகத்துக்குப் போகும் விண்ணப்பம் அது. எனக்கு வரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது என்ற உறுதிமொழியும் அதிலேயே இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு பாக்கி கேட்டால், அந்தத் தாளையே கம்பெனி எடுத்துக் காட்டும். வேலை அனுமதி ரத்தானதும் அடுத்து குடியிருப்பு விசாவும் ரத்தாகிவிடும்.

வரவேண்டியது எவ்வளவு? ஒருவருக்கு மாதச் சம்பளம் 2,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பேசிக் 1,200, மீதி அலவன்ஸ். அவர் ஆறரை ஆண்டு வேலை பார்த்திருக்கிறார். 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, கிராஜுவிட்டி பேசிக்கை மட்டும் வைத்தே கணக்கிடப்படும். இவருடைய ஒரு நாள் பேசிக் 40 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் வீதம் 4,200 வரும். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள்; ஒன்றரை ஆண்டுக்கு 1,800. ஆக 6,000 திர்ஹம். எல்லா ஆண்டுக்கும் 21 நாள் என்றே போட்டால் 5,460தான் வரும். அந்த 540 திர்ஹம் குறைவது மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கணக்கை ஆண்டுவாரியாக எழுதிக் கேட்க வேண்டும்.

இதோடு கடைசி மாத முழுச் சம்பளம் 2,000. எடுக்காத விடுப்பு 15 நாள் இருந்தால், அதற்கும் பேசிக் கணக்கில் 600. மொத்தம் 8,600 திர்ஹம். ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் இது முழுவதும் கைக்கு வர வேண்டும். சம்பளமில்லாமல் வேலைக்கு வராத நாட்கள் கிராஜுவிட்டிக் கணக்கில் சேராது. ஓராண்டு முடிக்காதவருக்கு கிராஜுவிட்டி கிடையாது.

விமான டிக்கெட் தனி. ஊர் திரும்பும் செலவு முதலாளியுடையது. அதை இந்த 8,600இல் கழிக்கக் கூடாது. ஆனால் தொழிலாளி அங்கேயே வேறு கம்பெனியில் சேர்ந்தாலோ, அவருடைய தவறால் வேலை போயிருந்தாலோ அந்தப் பொறுப்பு முதலாளிக்கு இல்லை. ஆள் எடுத்த செலவு, விசாச் செலவு என்று பிடிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

பேசிக் எவ்வளவு என்பதில் தகராறு வந்தால், அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தத்தில் உள்ளதே கணக்கு. அதன் நகலை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் குறைந்தால் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். விமானம் ஏறிய பிறகு வழக்கை நடத்துவது கடினம் என்பதால், புகாரை அங்கே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே கேன்சல் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.