கந்தனுக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

எங்கள் தெரு பஜனைக் குழு பாடிய கந்த சஷ்டி கவசத்தை யூடியூபில் ஏற்றினோம். நான் வைத்த தலைப்பு, ‘ஐப்பசி ஸ்பெஷல் – சூப்பர் ஹிட் முருகன் பக்திப் பாடல்’. உறவினர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாட்டின் பெயரே தலைப்பில் இல்லையே, தேடுகிறவர் கண்ணில் எப்படிப் படும்?

தேவராய சுவாமிகளின் இந்தக் கவசத்தைத் தேடுகிறவர்கள் பலரும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதுவும் காதில் விழுந்தபடி: kandha sasti kavasam, kantha sasti, kanda shasti kavacham. கூடவே lyrics in tamil என்று சேர்த்துக்கொள்வார்கள். போனை வாயருகே பிடித்து ‘கந்த சஷ்டி கவசம் போடு’ என்று சொல்லும் பாட்டிகள் தனி ரகம்.

ஆகவே தலைப்பை இப்படி மாற்றினோம்:

```
கந்த சஷ்டி கவசம் பாடல் வரிகளுடன் | Kandha Sasti Kavasam Tamil Lyrics
```

தலைப்புக்கு 100 எழுத்துதான் அனுமதி. தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ‘முருகன்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. மேலே உள்ள தலைப்பு 68-இல் அடங்கிவிட்டது. மற்ற ஸ்பெல்லிங்குகள் டேக் பகுதிக்குப் போயின. தேடலில் டேக்கின் பங்கு சொற்பம்தான். எழுத்துப்பிழையோடு தேடுகிறவர்களுக்குத்தான் அது கொஞ்சம் கைகொடுக்கும்.

‘வரிகளுடன்’ என்று போட்டால் திரையில் வரிகள் ஓட வேண்டும். சேர்ந்து பாட வந்தவர், வேல் படம் மட்டும் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் அரை நிமிடத்தில் போய்விடுவார். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வை வரைபடம் தொடக்கத்திலேயே சரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விவரக் குறிப்பின் 5,000 எழுத்து வரம்பில் முழுக் கவசமும் கொள்ளாது. வரிகளை சப்டைட்டிலாக ஏற்றுவதே வசதி.

சாமி பெயர்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். சண்முகனும் முருகன்தானே என்று ‘சண்முக கவசம்’ என்றும் சேர்த்துவிடுகிறார்கள். அது பாம்பன் சுவாமிகள் இயற்றிய வேறு நூல். அதைத் தேடி வந்தவருக்கு இதைக் கொடுத்தால் ஏமாற்றம்தான். முருகன், கந்தன், திருச்செந்தூர், சூரசம்ஹாரம் ஆகியவற்றை விவரக் குறிப்பின் முதல் இரண்டு வரிகளில் வாக்கியமாக எழுதினால் போதும். பெயர்களை அடுக்கிக் குவிப்பதை யூடியூப் விதிமீறலாகவே கருதுகிறது.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் விரதம் தொடங்கி, ஆறாம் நாள் சூரசம்ஹாரம். அன்றைக்கு வீடியோ ஏற்றினால் விரதக்காரர்கள் ஐந்து நாள் வேறு வீடியோவைக் கேட்டுப் பழகியிருப்பார்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். தலைப்பில் வருடத்தைப் போடாதீர்கள். சஷ்டி மாதாமாதம் வருகிறது, செவ்வாய்க்கிழமை வாராவாரம் வருகிறது.