'Then' என்று எழுதினால் தேனா, 'தென்'னா? கடை போர்டில் பெயர் வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தால் மிளகு, காபி, பலா, வாழைப்பழம், தேன் என்று கடைகள் வரிசையாக இருக்கும். வாங்க வருபவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். சிலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் போர்டில் தமிழும் இருக்கணும், ஆங்கிலமும் இருக்கணும்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதமும் இருக்கிறது. ஆனால் எழுத்துக்கூட்டலை எந்த விதியும் சொல்லித் தராது. அது கடைக்காரர் பாடு.

உதாரணத்துக்கு, செம்மேட்டில் ஒருவர் 'கொல்லி மலைத்தேன்' என்ற பெயரில் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தமிழைச் சரி செய்துவிட வேண்டும். 'கொல்லி'யில் வருவது 'ல்லி'. 'கொள்ளி' என்று எழுதினால் அது எரியும் விறகு, கொள்ளிக்கட்டை! ஆங்கிலத்தில் இரண்டுமே Kolli என்பதால், போனில் அப்படி டைப் செய்தால் தமிழில் எது வேண்டுமானாலும் வந்து விழலாம். முதலில் வருவதைத் தொட்டு, அப்படியே பெயின்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கதை முடிந்தது.

அடுத்து, 'மலை தேன்' என்று எழுதக் கூடாது. இடையில் ஒற்று மிகும், 'மலைத்தேன்' என்பதே சரி. பழம் விற்றால் 'பழக்கடை'. ஆனால் எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டுவிடக் கூடாது, 'தேன்கடை'யில் அது வராது.

சிக்கல் எங்கே ஆரம்பிக்குது?

தேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? Ten என்றால் பத்து. Then என்றால் 'அப்புறம்'. தமிழில் எகரம், ஏகாரம் என்று குறிலும் நெடிலும் தனித்தனி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் e ஒன்றுதான். சரி, நெடில்தானே, இரண்டு e போடலாமே என்று Theen என எழுதினால், அதைப் படிக்கிறவர் 'தீன்' என்பார்.

இதே தடுமாற்றம் அரசுக்கும் வந்தது. 2020 ஜூனில், தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியானது. அதில் கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது, வேலூர் Veeloor ஆனது. ஏகாரத்துக்கு ee என்பது காகிதத்தில் ஒழுங்கான கணக்குதான். ஆனால் ஆங்கிலம் படித்துப் பழகிய கண் அதை 'வீலூர்' என்றே படிக்கும். விமர்சனங்கள் கிளம்பியதும் சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

எழுத்துக்கு எழுத்து மாற்றுவது வேறு, காதில் கேட்கும் ஒலியை எழுதுவது வேறு. அரசாணை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டியது. நூலகப் பட்டியலுக்கு முதல் முறை நல்லது. அதன்படி 'ஆகாய கங்கை'யை எழுதி மேலே உள்ள குறிகளை எடுத்துவிட்டால் Akaya Kankai என்று நிற்கும். அருவிக்கு வழி கேட்கிறவருக்கு அது உதவாது. காதில் விழுவது 'க' இல்லை, g ஒலி. அதனால் போர்டுக்கு Agaya Gangai தான் பொருத்தம்.

நம்ம தேன் கடைக்கு Thaen பரவாயில்லாத தேர்வு. ஆங்கிலத்தில் வேறு சொல்லாக அது குழப்பாது, ஒலியும் ஏறத்தாழ வந்துவிடுகிறது. தமிழில் மிகுந்த ஒற்றை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோய் Malaiththaen என்று இழுக்க வேண்டாம். இடைவெளி விட்டு Malai Thaen என்றாலே போதும்.

இன்னொரு வம்பும் இருக்கு. Malai என்பதை இந்தி தெரிந்தவர் 'மலாய்', அதாவது பாலாடை என்று படிப்பார்! அதனால் Kolli Malai Thaen என்று எழுதி, கீழே சின்னதாக Kolli Hills Honey என்று பொருளையும் சொல்லிவிடுவது நல்லது.

அடிக்கும் முன் ஒரு சோதனை

ஆங்கிலப் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி, கடையைப் பற்றித் தெரியாத மூன்று பேரிடம் கொடுத்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு பேர் தடுமாறினால் எழுத்துக்கூட்டலை மாற்றுங்கள். முடிவான அதே எழுத்துக்கூட்டலைத்தான் மேப், க்யூஆர் கோடு, பாட்டில் லேபிள் எல்லாவற்றிலும் போட வேண்டும். ஒரு இடத்தில் Thaen, இன்னொரு இடத்தில் Then என்று இருந்தால் தேடுபவருக்கு இரண்டும் வேறு வேறு கடைகளாகத் தெரியும்.

கடைசியாக ஃப்ளெக்ஸ் கடை. நீங்கள் அனுப்பும் தமிழ் எழுத்து அங்கே உள்ள பழைய டிசைன் சாஃப்ட்வேரில் உடையலாம். 'கொ'வில் கொம்பும் காலும் பிரிந்து இடம் மாறி நிற்கும், சில நேரம் புள்ளி வட்டமும் ஒட்டிக்கொள்ளும். அதனால் பெயரை ஒரு தாளில் கையால் எழுதிப் படம் எடுத்தும் அனுப்புங்கள். அச்சுக்குப் போகும் முன் டிசைனைப் படமாக வாங்கி, கொம்பு, கால், ல-ள-ழ, ஒற்றுப் புள்ளி ஆகியவற்றை எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே ஓகே சொல்லுங்கள்.